நாற்காலியிலிருந்து விழுந்த பணியாளரும் வீட்டுக்காரரின் கடமையும்

கேள்வி: நாங்கள் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். ஒன்பது வருடமாக வாரம் மூன்று நாள் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மா, புரட்டாசி விரதத்துக்காக வீட்டைச் சுத்தம் செய்யும்போது, திரைச்சீலையைக் கழற்ற நாற்காலி மேல் ஏறி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஏணி போட்டுத்தான் ஏற வேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நாங்கள் மாதம் 3,600 ராண்ட் கொடுக்கிறோம். மீதி இரண்டு நாள் வேறொரு வீட்டில் வேலை செய்து 2,400 ராண்ட் வாங்குகிறார். வேலையின்மைக் காப்பீடான யு.ஐ.எஃப். ஒழுங்காகக் கட்டுகிறோம், அது போதாதா? வீட்டு இன்சூரன்ஸ் கொடுக்குமா? இரண்டாயிரம் ராண்ட் கொடுத்து, இனி ஒன்றும் கேட்க மாட்டேன் என்று எழுதி வாங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். அந்த அம்மா எங்கள் மேல் வழக்குப் போட முடியுமா? விழுந்து இன்றோடு ஐந்து நாள் ஆகிறது.
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன். வேலையின்போது ஒரு விபத்து நடந்தது என்று முதலாளிக்குத் தெரியவந்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் அதை இழப்பீட்டு நிதியத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். விபத்து உங்கள் கண்ணெதிரே, உங்கள் வீட்டுக்குள் நடந்திருப்பதால், அந்த ஏழு நாளும் அவர் விழுந்த அன்றே தொடங்கிவிட்டது. ஆகவே இந்தப் பதிலைப் படித்து முடித்தவுடன் செய்ய வேண்டிய வேலை, W.Cl.2 என்ற எண் கொண்ட படிவத்தை நிரப்புவதுதான். கையெழுத்து வாங்கும் தாளைப் பற்றிய பேச்சை உங்கள் கணவர் அதுவரை ஒத்திவைக்கட்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

யு.ஐ.எஃப். கட்டினால் எல்லாம் அடங்கிவிடும் என்ற எண்ணம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. என்னிடம் ஆலோசனைக்கு வரும் வீட்டுக்காரர்களில் பாதிப் பேராவது அதே நினைப்போடுதான் வருகிறார்கள். மாதத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும் வீட்டுப் பணியாளருக்காக நீங்கள் ஒரு விழுக்காடும், அவர் சம்பளத்திலிருந்து ஒரு விழுக்காடும் செலுத்துகிற அந்த நிதி, வேலை போனாலோ, பிள்ளைப்பேற்றின்போதோ, வேலைக்குத் தொடர்பில்லாத நோயில் படுத்தாலோ கைகொடுப்பதற்காக ஏற்பட்டது. வேலை செய்யும்போது ஏற்படும் காயம் அதன் எல்லைக்குள் வராது. அதற்கு வேறொரு சட்டமும் வேறொரு நிதியும் இருக்கின்றன. 1993-ஆம் ஆண்டின் 130-ஆவது சட்டமாகிய, கோய்டா என்று எல்லோரும் சுருக்கி அழைக்கும் பணிக் காயங்களுக்கான இழப்பீட்டுச் சட்டமே அது. அதன் கீழ் இயங்குவது இழப்பீட்டு நிதியம். இரண்டையும் நடத்துவது ஒரே தொழிலாளர் துறை என்றாலும், ஒன்றில் பதிவு செய்தால் மற்றொன்றில் பதிவு செய்ததாக ஆகாது.

இதில் உங்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் அவரை வேலைக்கு வைத்த காலத்தில் சட்டத்தின் நிலையே வேறாக இருந்தது. கடையில் வேலை செய்பவரும் தொழிற்சாலையில் வேலை செய்பவரும் "பணியாளர்" என்ற சொல்லுக்குள் அடங்கினார்கள். தனியார் வீட்டில் வேலை செய்பவரை மட்டும் அச்சொல்லின் விளக்கத்திலேயே வெளியே தள்ளி வைத்திருந்தது கோய்டா. அந்தச் சுவர் இடிந்ததும் உங்கள் வீட்டில் நடந்ததைப் போன்ற ஒரு விபத்தால்தான். பிரிட்டோரியாவில் ஒரே குடும்பத்திடம் 22 ஆண்டுகள் வேலை செய்த மரியா மஹ்லாங்கு என்ற அம்மையார், கண்பார்வை குறைந்தவர், நீந்தத் தெரியாதவர். 2012 மார்ச் 31 அன்று அவ்வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்துபோனார். ஜன்னல் கழுவிக்கொண்டிருந்தபோது தவறிக் குளத்தில் விழுந்திருக்க வேண்டும் என்பதே வழக்கில் சொல்லப்பட்டது. அவரை நம்பி வாழ்ந்த மகள் தொழிலாளர் துறையில் போய்க் கேட்டபோது, வீட்டுப் பணியாளருக்கு இழப்பீடு கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வழக்கு அரசமைப்பு நீதிமன்றம் வரை போயிற்று. வீட்டுப் பணியாளரை விலக்கி வைத்த அந்தச் சொற்றொடர் அரசமைப்புக்கு முரணானது என்று 2020 நவம்பர் 19 அன்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடு நில்லாமல், அத்தீர்ப்பு 1994 ஏப்ரல் 27 முதற்கொண்டே செல்லும் என்றும் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டிலேயே, வீட்டில் ஆள் வைத்திருப்போர் எல்லோரும் நிதியத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்று துறை அறிவித்தது. ஆகவே வாரம் ஒரு நாள் மட்டும் வரும் தோட்டக்காரராக இருந்தாலும், குழந்தையைப் பார்த்துக்கொள்பவராக இருந்தாலும், முதியவரைக் கவனிப்பவராக இருந்தாலும், இன்று அவர் கோய்டாவின் கீழ்ப் பணியாளர்தாம். யு.ஐ.எஃப்.-க்கு உள்ள 24 மணி நேரக் கணக்கு இங்கே கிடையாது.

இனி, நீங்கள் சற்றுத் தயக்கத்தோடு எழுதியிருக்கும் நாற்காலி விஷயம். ஏணியில் ஏறச் சொல்லியும் அவர் கேட்கவில்லை, ஆகவே தவறு அவருடையது, இழப்பீடு கிடைக்காது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். யார் தவறு என்று பார்த்து இழப்பீடு தருகிற சட்டமன்று இது. முதலாளியின் உத்தரவை மீறி ஒரு காரியம் செய்யும்போது விபத்து நேர்ந்தாலும், அக்காரியம் முதலாளியின் வேலைக்காகவே செய்யப்பட்டதென்றால், அது வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. திரைச்சீலையைக் கழற்றியது உங்கள் வீட்டுக்காகத்தானே? குடிபோதையில் இருந்தது, ஆபத்து என்று தெரிந்தே துணிந்து செய்தது போன்ற கடும் தவறான நடத்தை இருந்தால் மட்டுமே நிதியம் மறுக்கலாம். அப்போதும் உயிரிழப்போ பெரிய ஊனமோ ஏற்பட்டிருந்தால் மறுக்க முடியாத நிலை வரும். ஏணி எடுத்துவரச் சோம்பி நாற்காலியில் ஏறுவது அந்த அளவுக்குப் போகாது. நாம் எல்லோரும் செய்வதுதான் அது.

அவர் உங்கள் மேல் வழக்குப் போட முடியுமா என்ற கேள்விக்கு இங்கேயே விடை வருகிறது. வேலையில் காயமடைந்த பணியாளர் அக்காயத்துக்காகத் தம் முதலாளியின் மேல் சிவில் நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்க முடியாது. அந்த உரிமைக்கு ஈடாகத்தான் நிதியத்திடமிருந்து பெறும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. மஹ்லாங்கு தீர்ப்புக்கு முன்னால், வீட்டுப் பணியாளருக்கு எஞ்சியிருந்த ஒரே வழி முதலாளியின் மேல் வழக்குத் தொடுப்பதுதான். வக்கீலுக்குப் பணம் எங்கே? இப்போது அந்தக் கதவு மூடி, வேறொரு கதவு திறந்திருக்கிறது. வீட்டுக்காரருக்கும் இது நல்லதே என்பது என் கருத்து. உங்கள் அலட்சியத்தால்தான் விபத்து நடந்தது என்று அவர் காட்ட முடிந்தால், அதாவது ஏணியின் கால் உடைந்திருந்தது உங்களுக்குத் தெரிந்தே வைத்திருந்தீர்கள் என்பது போல ஏதாவது இருந்தால், கூடுதல் இழப்பீடு வேண்டும் என்று நிதியத்திடம் தனியே விண்ணப்பிக்கலாம். அதையும் கொடுப்பது நிதியம்தான்.

வீட்டு இன்சூரன்ஸைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வீட்டுப் பாலிசிகளில் வரும் பொறுப்புக் காப்பு, நீங்கள் சட்டப்படி ஒருவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்ட நட்டஈட்டை ஏற்பது. மேலே சொன்னபடி உங்கள் மேல் அப்படியொரு கடமையே எழாதபோது, அந்தப் பகுதி வேலை செய்ய இடமில்லை. சில பாலிசிகளில் வீட்டுப் பணியாளரின் மருத்துவச் செலவுக்கென்று ஒரு சிறு தொகை சேர்த்திருப்பார்கள். உங்கள் பாலிசித் தாளில் அப்படி ஒரு வரி இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஆனால் இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதற்காக நிதியத்துக்கு அறிவிக்காமல் இருக்க முடியாது.

இப்போது அந்த இரண்டாயிரம் ராண்ட். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என்னிடம் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். அவர் வீட்டில் வேலை செய்த அம்மையார் கொதிக்கிற எண்ணெயில் முன்கையைச் சுட்டுக்கொண்டார். அவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தும் வாங்கி, அத்தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அத்தாளுக்கு அந்தப் பிளாஸ்டிக் உறையின் மதிப்புக்கூடக் கிடையாது என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. கோய்டாவின் கீழ்க் கிடைக்கும் உரிமையைப் பணியாளர் விட்டுக்கொடுப்பதாகச் செய்யும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. அதைவிடக் கெடுதல் என்னவென்றால், விபத்து நடந்தது உங்களுக்குத் தெரியும், தெரிந்தும் அறிவிக்கவில்லை என்பதற்கு நீங்களே கையெழுத்தோடு சாட்சியம் உண்டாக்கி வைத்திருக்கிறீர்கள். அவருக்கு மனமிருந்து உதவி செய்ய விரும்பினால் செய்யுங்கள். வாழைப்பழமும் அரிசியும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பதிலுக்குக் கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள்.

படிவத்துக்கு வருவோம். W.Cl.2 என்பது முதலாளியின் விபத்து அறிக்கை. அதில் உங்கள் விவரம், அவருடைய அடையாள எண், சம்பளம், விபத்து நடந்த நாள், நேரம், இடம், என்ன செய்துகொண்டிருந்தார், எப்படி விழுந்தார், உடலின் எந்தப் பகுதியில் காயம், யார் பார்த்தார்கள் என்ற கேள்விகள் வரும். "எப்படி நடந்தது" என்ற இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: "முன்னறையில் திரைச்சீலையைக் கழற்றுவதற்காகச் சாப்பாட்டு நாற்காலியின் மேல் ஏறினார், நாற்காலி சாய்ந்து, வலக்கையை ஊன்றித் தரையில் விழுந்தார்." இவ்வளவு போதும். "கவனக்குறைவாக" என்று ஒரு சொல்லைச் சேர்க்க உங்களுக்குக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள், அது உங்களுக்கு ஒரு நன்மையும் செய்யாது, அதிகாரியின் கையில் கோப்பு நின்றுபோவதற்கு மட்டும் உதவும்.

படிவம் எவ்வளவு நன்றாக நிரப்பியிருந்தாலும், மருத்துவமனைத் தாள் சரியாக இல்லாவிட்டால் கோரிக்கை நகராது. வீட்டுப் பணியாளர் விஷயங்களில் பெரும்பாலும் இடறும் இடம் இதுதான் என்பது என் அனுபவம். முதல் நாள் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனவர்கள் "கீழே விழுந்துவிட்டார்" என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். எழுதுகிறவரும் அப்படியே எழுதியிருப்பார். வேலையில் ஏற்பட்ட காயம், இந்நாட்டு மருத்துவமனைகளில் ஐ.ஓ.டி. என்று சொல்கிறார்களே, அது என்று சொன்னால்தான் மருத்துவர் W.Cl.4 என்ற முதல் மருத்துவ அறிக்கையை எழுதுவார். உங்கள் பணியாளர் கட்டு மாற்றவோ எக்ஸ்ரே எடுக்கவோ மறுபடி போகும்போது நீங்களும் கூடப் போய், இது ஐ.ஓ.டி. என்று சொல்லி, முதல் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் எழுதியுள்ள நாளும் உங்கள் படிவத்தில் உள்ள நாளும் ஒன்றாக இருக்கிறதா, வலக்கை என்பது வலக்கையாகவே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இடம் வலம் மாறியதால் மாதக்கணக்கில் கிடந்த கோப்பை நான் பார்த்திருக்கிறேன். பிறகு சிகிச்சை தொடர்வதற்கு W.Cl.5, அவர் வேலைக்குத் திரும்பியதும் நீங்கள் கொடுக்க வேண்டிய W.Cl.6 என்று வரிசையாக வரும். இவற்றை நிதியத்தின் CompEasy தளத்தில் ஏற்றலாம். இணையம் கைவராதவர்கள் அருகிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். எப்படிக் கொடுத்தாலும் கோரிக்கை எண்ணைக் குறித்து வையுங்கள். அவருக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், ஏனெனில் கோரிக்கை அவருடையது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உங்கள் கணவரின் கவலையும் அங்கேதான் இருக்கும். மணிக்கட்டு கூடி, கட்டுப் பிரித்து, அவர் மறுபடி துணி பிழிகிற நிலைக்கு வர இரண்டரை மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமற்போனால், மாத வருவாயில் 75 விழுக்காடு தற்காலிக இழப்பீடாகக் கிடைக்கும். எந்த வருவாயில் என்பதில்தான் பலருக்கும் தெரியாத ஒரு நுட்பம் உண்டு. ஒரே காலத்தில் இரண்டு முதலாளிகளிடம் வேலை செய்கிறவர், ஒருவர் வீட்டில் காயமடைந்தால், இரண்டு சம்பளத்தையும் சேர்த்து, எல்லாமே காயம் நடந்த வீட்டில் பெற்றதைப்போலக் கணக்கிட வேண்டும். அவருடைய கை உங்கள் வீட்டில் முறிந்தது. அதனால் மற்ற வீட்டுக் கூலியும் அல்லவா போயிற்று? ஆகவே கணக்கு 3,600 ராண்டில் இல்லை, 6,000 ராண்டில். நீங்கள் அவருக்குத் தங்க அறையோ ஒழுங்காகச் சாப்பாடோ கொடுத்திருந்தால் அதன் மதிப்பும் கூடும். 6,000 ராண்டில் 75 விழுக்காடு 4,500. இரண்டரை மாதத்துக்கு 11,250 ராண்ட். அரசிதழில் அவ்வப்போது வெளியாகும் வரம்புகளுக்கு உட்பட்டது இது என்பதை நினைவில் வையுங்கள்.

இதில் உங்கள் பங்கு என்ன? முதல் மூன்று மாதத்துக்கான இந்தத் தொகையை முதலாளி தம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். பிறகு நிதியம் அதை முதலாளிக்குத் திருப்பிக் கொடுக்கும். நீங்கள் கொடுப்பது நன்கொடையன்று, முன்பணம். ஆகவே கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் வங்கிப் பரிமாற்றச் சீட்டோ அவர் கையெழுத்திட்ட ரசீதோ இருக்க வேண்டும். இங்கே நான் வாங்கச் சொல்லும் கையெழுத்து இந்த ஒன்றுதான். மற்ற வீட்டுக்காரரிடமிருந்து அவர் கொடுக்கும் சம்பளத்துக்கு இரண்டு வரிக் கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள். திரும்பி வரும் பணம் உடனே வருமா என்றால், வராது. நிதியத்தின் தாமதம் ஊரறிந்தது. அதற்காக அவருக்குக் கொடுப்பதைத் தாமதிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

மருத்துவச் செலவு தனி. விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டுவரை, நியாயமான சிகிச்சைச் செலவை நிதியம் ஏற்கும். அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி ஏற்பாடு செய்வது சட்டப்படி உங்கள் கடமை; அதற்கான செலவையும் கேட்டு வாங்கலாம். இவற்றில் எதையும் அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது. நிதியத்துக்குக் கட்டும் ஆண்டுக் கட்டணமும் அப்படியே; யு.ஐ.எஃப். போல இருவரும் பாதிப்பாதி என்ற பேச்சு இங்கே இல்லை.

எலும்பு கூடிய பிறகும் மணிக்கட்டு முழுதாக மடங்காமல் போனால், மருத்துவரின் இறுதி அறிக்கையை வைத்து நிரந்தர ஊனத்தின் விழுக்காட்டை நிதியம் தீர்மானிக்கும். 30 விழுக்காடு வரை மொத்தமாக ஒரே தொகை. அதற்கு மேல் போனால் மாத ஓய்வூதியம். சரியாக 30 விழுக்காடு என்றால் மாத வருவாயைப்போல 15 மடங்கு, அதாவது இவருக்கு 90,000 ராண்ட். அதற்குக் கீழே விகிதப்படி. எடுத்துக்காட்டாக 6 விழுக்காடு என்று தீர்மானித்தால் 18,000 ராண்ட் வரும். உங்கள் கணவரின் இரண்டாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தத் தொகையில் உங்கள் கைப்பணம் ஒரு காசும் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் நீங்கள் பதிவு செய்யவில்லை என்று தெரிகிறது. பதிவு செய்யாத முதலாளியின் பணியாளரும் நிதியத்திடம் கோரலாம். உங்கள் குற்றத்துக்காக அவரைத் தண்டிப்பதில்லை. தண்டனை உங்களுக்குத்தான் வரலாம். பதிவு செய்யாமலோ ஆண்டுக் கணக்கைக் கொடுக்காமலோ இருந்த காலத்தில் விபத்து நடந்தால், நிதியம் கொடுத்த இழப்பீடும் மருத்துவச் செலவும் சேர்ந்த முழுத் தொகை வரைக்கும் முதலாளியின் மேல் அபராதமாக விதிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. முறிந்த மணிக்கட்டுக்கு அது தாங்கக்கூடிய தொகையாக இருக்கலாம். முதுகெலும்பு உடைந்து ஆயுள் முழுக்க ஓய்வூதியம் கொடுக்க வேண்டியிருந்தால், அந்த ஓய்வூதியத்தின் மொத்த மதிப்பே அந்தக் கணக்கில் வரும். ஒரு வீடே போய்விடும். இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. விதிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. விதித்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. தானாக முன்வந்து பதிந்து, விபத்தை நாளுக்குள் அறிவித்து, முன்பணத்தையும் கொடுத்தவரின் கோப்பும், மூடி மறைத்துப் பிடிபட்டவரின் கோப்பும் அதிகாரியின் மேசையில் ஒன்றாக இருக்காது.

ஆகவே விபத்து அறிக்கையை முதலில் கொடுங்கள். பதிவு விண்ணப்பத்தை அதோடு அதே நாளில் கொடுங்கள். பதிவு வரட்டும், பிறகு விபத்தை அறிவிக்கலாம் என்று காத்திருந்து ஏழு நாளைத் தவறவிடாதீர்கள். உங்கள் அடையாள அட்டை நகல், முகவரிச் சான்று, அவருடைய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு நகல், வேலை ஒப்பந்தம் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். ஒன்பது வருடமாக எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால், அவருடைய வேலை நாள், நேரம், சம்பளம் ஆகியவற்றை இப்போதாவது எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தொடங்கிய தேதியை மட்டும் உண்மையான தேதியாகப் போடுங்கள், கையெழுத்திட்ட தேதி இன்றைய தேதியாகவே இருக்கட்டும். பதிவானபின் ஆண்டுதோறும் மார்ச் முதல் பிப்ரவரி வரைக்கான சம்பளக் கணக்கைக் கொடுக்க வேண்டும். வழக்கமான கடைசி நாள் மார்ச் 31. வீட்டு முதலாளிகளுக்கு முதலில் அறிவித்த விகிதம் 100 ராண்டுக்கு 1.04 ராண்ட். நீங்கள் கொடுக்கும் 43,200 ராண்ட் ஆண்டுச் சம்பளத்துக்கு அது 449 ராண்ட் 28 சென்ட். அந்த ஆண்டுக்கு அறிவித்த குறைந்தபட்சக் கட்டணம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் அதைக் கட்ட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் மாதத்துக்கு ஓர் எரிவாயு உருளையின் விலைகூட ஆகாத செலவு. இதில் மற்ற வீட்டில் அவர் வாங்கும் சம்பளத்தைச் சேர்க்க வேண்டாம்; அதை அவ்வீட்டுக்காரர் தம் கணக்கில் காட்ட வேண்டும்.

அவர் இல்லாத நாட்களில் வேறொருவரைத் தற்காலிகமாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. புதியவர் வேலையைத் தொடங்குமுன் அவரையும் பதிவில் சேர்த்துவிடுங்கள். பழையவரைக் கை சரியாகவில்லை என்று சொல்லி நிறுத்துவது வேறு விஷயம். உங்கள் வேலையிலேயே காயமடைந்தவரை நிறுத்துவதற்கு முன், அவருக்கேற்ற இலகுவான வேலை இருக்கிறதா என்று அவரோடு கலந்து பேசிப் பார்க்க வேண்டிய கடமை, மற்ற நோயாளியின் விஷயத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகவே முதலாளிக்கு உண்டு. வேலைக்கு வந்துபோகும் வழியைப் பற்றியும் ஒரு சொல். அவர் டாக்ஸியில் வரும்போது அடிபட்டால் அது பொதுவாக வேலையில் நேர்ந்த விபத்தாகாது. ஆனால் அவரை ஏற்றி இறக்குவதற்கென்றே நீங்கள் காரை ஏற்பாடு செய்து, கட்டணமில்லாமல் நீங்களே ஓட்டி அழைத்து வரும்போது விபத்து நேர்ந்தால் அது வேலையில் நேர்ந்ததாகவே கொள்ளப்படும்.

கடைசியாக ஒன்று. கோரிக்கையைப் பன்னிரண்டு மாதத்துக்குள் நிதியத்திடம் சேர்த்துவிட வேண்டும் என்ற கணக்கை உங்கள் பணியாளருக்கும் சொல்லிவிடுங்கள், அவருக்குப் பழகிய ஸூலு மொழியிலேயே சொல்லுங்கள். நீங்கள் அறிக்கை கொடுத்துவிட்டீர்கள் என்பதை நம்பி அவர் சும்மா இருந்து, ஏதோ ஒரு தாள் குறைந்து கோப்பு நின்றுபோனால், இழப்பு அவருடையது. W.Cl.3 என்பது பணியாளரே கொடுக்கும் விபத்து அறிவிப்பு. வலக்கையில் கட்டு இருப்பதால் அவரால் எழுத முடியாது. நீங்கள் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, இடக்கையால் அவர் குறியிடட்டும். நாளைக் காலையில் அலுவலகம் திறக்கும்போது இரண்டு படிவத்தோடும் நீங்கள் வரிசையில் நிற்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தொழிலாளர் சட்ட ஆலோசகர், டர்பன்